அப்பாவுக்கான பிறந்தநாள் வாழ்த்தை ஒரே ஒரு பழக்கத்தை வைத்துத் திருத்தி எழுதுவது: முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு அனுப்பப் பலர் எழுதி வைத்திருக்கும் வாழ்த்து ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அன்புள்ள அப்பாவுக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள். எங்களுக்காக எத்தனையோ தியாகங்களைச் செய்த உங்களைத் தந்தையாகப் பெற்றது எங்கள் பாக்கியம். அன்பிலும் உழைப்பிலும் உங்களுக்கு நிகர் நீங்கள்தான். நீங்கள் நோய்நொடியின்றி நீண்ட காலம் வாழ வேண்டுகிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அனுப்பியவரின் பெயரை மறைத்துவிட்டால் இது எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அப்பாவின் ஒரே ஒரு பழக்கத்தை நினைவுகூரும் குறிப்பாக மாற்றும் முறையை, ஒரு மகள் எழுதிய குறிப்பை நான் உடனிருந்து திருத்திய வரிசையிலேயே கீழே தருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் சொற்களில் அல்ல, வரிசையில்தான். ஆகவே படிகளை மாற்றிப் போடாமல் செல்வது நல்லது.

1. உட்காருவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில், குறிப்பு எந்த வழியில் அப்பாவைச் சேரப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். கைப்பேசியில் செய்தியாகவா, கையால் எழுதிய தாளாகவா, எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும் ஒன்றாகவா என்பதைப் பொறுத்து எந்தப் பழக்கத்தைச் சொல்லலாம் என்பதே மாறும். அதனால்தான் இதைக் கடைசியில் முடிவு செய்யக் கூடாது என்கிறேன். தனியே படிக்கும்போது இனிக்கும் ஒரு விவரம், உறவினர் கூட்டத்தில் வாசிக்கப்படும்போது அப்பாவைக் கூச வைக்கலாம்.

இரண்டாவதாக, அந்த வீட்டில் உங்களோடு வாழ்ந்த இன்னொருவர் வேண்டும். அம்மாவோ, அக்காவோ, தம்பியோ யாராக இருந்தாலும் போதும். அவரிடம் வாழ்த்து எழுதித் தரக் கேட்கப் போவதில்லை. விவரத்தைச் சரிபார்க்க மட்டுமே அவர் தேவைப்படுவார்.

மூன்றாவதாக, பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தொடங்குங்கள். பழக்கங்கள் கேட்டவுடன் நினைவுக்கு வருவதில்லை; பட்டியலை எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கும்போதுதான் நல்லது ஒன்று தானாக வந்து சேரும். பிறந்தநாள் காலையில் கைப்பேசியை எடுத்தவர்கள் மேலே காட்டிய வாழ்த்தையே அனுப்ப நேர்வது அன்புக் குறைவால் அல்ல, நேரக் குறைவால்.

2. பழைய வாழ்த்தை முழுதாக எழுதி, வரி வரியாகச் சோதியுங்கள்

பொதுவான வாழ்த்தைத் தவிர்க்க நினைத்து வெற்றுத் தாளிலிருந்து தொடங்காதீர்கள். மனத்தில் இருக்கும் வழக்கமான வாழ்த்தை முதலில் முழுதாக எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அந்த வரிகள் உள்ளேயே காத்திருந்து, பின்னால் எழுதும் நல்ல வரிகளுக்கு இடையில் நுழைந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இந்த வரியைப் பக்கத்து வீட்டுக்காரர் தம் அப்பாவுக்கு ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். மேலே உள்ள வாழ்த்தில் இந்தச் சோதனைக்குப் பிறகு "அப்பா" என்ற விளியும், "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்ற இரு சொற்களுமே எஞ்சும். அவை எல்லோருக்கும் பொதுவானவைதாம். ஆயினும் இது பிறந்தநாள் குறிப்பு என்பதைச் சொல்லும் வேலை அவற்றுக்கு இருப்பதால் அவை இருக்கட்டும்.

கோடு போட்ட வரிகளை உடனே எறிந்துவிட வேண்டாம். ஒவ்வொன்றின் அருகிலும் "எதை வைத்து இதைச் சொல்கிறேன்?" என்று எழுதுங்கள். "தியாகம்" என்று எழுதியபோது உங்கள் மனத்தில் வந்தது என்ன? "உழைப்பு" என்றபோது எந்தக் காட்சி வந்தது? பொதுச்சொல் ஒவ்வொன்றின் பின்னாலும் அதை எழுத வைத்த ஏதோ ஒரு நிகழ்ச்சி பெரும்பாலும் இருக்கும். அடுத்த படிக்கான முதல் குறிப்புகள் அங்கிருந்துதான் கிடைக்கும்.

3. குணங்களை விட்டுவிட்டுச் செயல்களைப் பட்டியலிடுங்கள்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். "அப்பாவின் பழக்கங்களை எழுதுங்கள்" என்று சொன்னால் பலர் "பொறுமையானவர், சிக்கனமானவர், கண்டிப்பானவர், நேரம் தவறாதவர்" என்று எழுதுகிறார்கள். இவை பழக்கங்கள் அல்ல. பழக்கங்களைப் பார்த்து நாம் கொடுத்த தீர்ப்புகள். தீர்ப்பை எழுதினால் அப்பாவுக்குத் தம்மைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு தெரியும். செயலை எழுதினால்தான் நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது தெரியும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒளிப்படக் கருவியால் பிடிக்கக்கூடியதாக இருந்தால் அது செயல். பிடிக்க முடியாவிட்டால் அது குணம். "சிக்கனமானவர்" என்பதைப் படம் பிடிக்க முடியாது. "எழுதித் தீர்ந்த நோட்டுப் புத்தகங்களில் எஞ்சிய வெற்றுத் தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைப்பார்" என்பதைப் பிடிக்கலாம்.

எதுவும் தோன்றாவிட்டால் அப்பாவின் ஒரு நாளை உங்கள் மனத்தில் மெதுவாக நடக்க விடுங்கள். வெளியே கிளம்பும்போது வாசலில் என்ன செய்கிறார்? வீடு திரும்பியதும் முதலில் எதைத் தொடுகிறார்? ஒரு பொருள் பழுதானால் அவர் கை எங்கே போகிறது? தொலைபேசியில் பேசும்போது எப்படி நிற்கிறார்? படுக்கப் போகும் முன் வீட்டில் எதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறார்? வாசல், கை, கருவி, இரவு என்ற இந்த நான்கு இடங்களில் தேடினால் எவருக்கும் சில பழக்கங்களாவது கிடைக்கும்.

நான் சொன்ன அந்த மகள் எழுதிய பட்டியல் இது: எல்லோரும் படித்துக் கலைத்த செய்தித்தாளைப் பக்க வரிசைப்படி மீண்டும் அடுக்கி மடிப்பார், காலணியை அணியும் முன் கவிழ்த்துத் தட்டுவார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவார், யார் கிளம்பினாலும் "சாவி எடுத்தாயா?" என்று கேட்பார், தொலைபேசி வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார், எந்தப் பொருளுக்கு பேட்டரி போட்டாலும், எந்த பல்பை மாற்றினாலும் அதில் தேதி எழுதி வைப்பார்.

4. பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

ஆறும் நன்றாக இருக்கின்றனவே, ஆறையும் எழுதினால் என்ன என்று அந்த மகள் கேட்டார். எழுதினால் அது மீண்டும் ஒரு பட்டியலாகிவிடும். படிக்கிற அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு புன்னகையோடு கடந்து போவாரே தவிர எதிலும் நிற்க மாட்டார். ஒரே பழக்கத்துக்கு நான்கைந்து வரிகள் கிடைக்கும்போதுதான் அவர் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் வருவார்.

தேர்வுக்கு நான் பார்ப்பவை மூன்று. அந்தப் பழக்கத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். பிறர் சொல்லிக் கேட்டதாக இருக்கக் கூடாது. அது உங்களைத் தொட்ட ஒரு நாளாவது நினைவில் இருக்க வேண்டும். நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஏனெனில் பிள்ளைகள் கவனித்ததே இல்லை என்று எண்ணிச் செய்துவந்த ஒன்றைக் குறித்து எழுதப்படும்போது அந்தக் குறிப்பே அவருக்குப் புதிய செய்தியாகிறது.

விலக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அவரால் செய்ய முடியாமல் போன பழக்கம், உடல்நலக் குறைவை நினைவூட்டும் பழக்கம், வீட்டில் சண்டைக்குக் காரணமாக இருந்த பழக்கம், சிரிப்பதற்காக மட்டும் சொல்லப்படும் பழக்கம் ஆகிய நான்கும் வேண்டாம். அன்பாகக் கேலி செய்யும் வீடுகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுத்தில் குரலின் கனிவு வராது என்பதால், நேரில் சொன்னால் சிரிப்பவர்கூட எழுத்தில் படிக்கும்போது சுருங்கிப் போகலாம்.

இந்த அளவுகோல்களால் அந்தப் பட்டியலைச் சலித்தபோது நடந்தது இது. மூக்குக்கண்ணாடி கேலியாகிவிடும், மறதியையும் சுட்டும், விலக்கினோம். சாவி பற்றிய கேள்வி பல வீடுகளிலும் கேட்பது. இரண்டாம் படியில் சொன்ன பக்கத்து வீட்டுச் சோதனையில் அது தோற்றது. செய்தித்தாளை யார் கலைத்தது என்பது அந்த வீட்டில் பழைய பூசல். காலணி தட்டுவதையும் நின்று பேசுவதையும் மகள் பார்த்திருக்கிறார், ஆனால் அவரைத் தொட்ட நாள் ஒன்றும் அவற்றில் இல்லை. தேதி எழுதும் பழக்கத்தைச் சொன்னபோது மட்டும், தாம் விடுதிக்குக் கிளம்பிய காலையில் அப்பா தம் அலாரம் கடிகாரத்தில் தேதி எழுதித் தந்ததை அவர் நாம் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். கேட்காமலே ஒரு நாள் நினைவில் வந்து நின்றால், தேட வேண்டிய பழக்கம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

5. பழக்கத்திலிருந்து ஒரே ஒரு நாளைப் பிரித்தெடுங்கள்

பழக்கம் என்பது பல நாள்களின் தொகுப்பு. நினைவு என்பது ஒரு நாள். குறிப்பில் இரண்டும் வேண்டும். பழக்கத்தை மட்டும் சொன்னால் அது தகவலாக நின்றுவிடுகிறது. ஒரு நாளை மட்டும் சொன்னால் அது தற்செயலாக நடந்ததாகத் தோன்றுகிறது. பழக்கத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அந்த ஒரு நாளுக்கு இறங்குவதே பொருத்தமான அளவு.

வினைச்சொற்கள் இங்கே உதவுகின்றன. வழக்கமாகச் செய்ததை "எழுதுவீர்கள்", "எழுதாமல் விடமாட்டீர்கள்" என்றும், அந்த ஒரு நாளில் செய்ததை "எழுதினீர்கள்", "தந்தீர்கள்" என்றும் எழுதுங்கள். இரண்டையும் கலந்து, "அன்று காலை கடிகாரத்தை எடுப்பீர்கள், தேதி எழுதினீர்கள்" என்று எழுதினால் அது ஒரு நாளா பல நாளா என்று படிப்பவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில் காட்சி கலைந்துவிடும்.

அந்த ஒரு நாளைப் பற்றி நினைவிலிருக்கும் எல்லாவற்றையும் தனித்தாளில் கொட்டுங்கள்: எந்த அறை, எந்த வேளை, கையில் எந்தப் பேனா, அவர் ஏதாவது சொன்னாரா, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இவற்றில் இரண்டு மூன்று மட்டுமே குறிப்பில் இடம்பெறும். எவை என்பதை எழுதி முடித்த பிறகுதான் அறிய முடியும்.

6. முதல் வரைவை எழுதுங்கள். அதில் என்ன தவறு நடக்கும் என்று பாருங்கள்

அந்த மகளின் முதல் வரைவு இப்படி இருந்தது:

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், அப்பா! அப்பா எப்போதும் எந்தப் பொருளிலும் தேதி எழுதி வைப்பார். நான் விடுதிக்குப் போன நாளில்கூட என் கடிகாரத்தில் ஒருநாளும் மறக்காத அக்கறையோடு தேதி எழுதிக் கொடுத்தார். இதிலிருந்து நான் பொறுப்புணர்வையும் ஒழுங்கையும் கற்றுக்கொண்டேன். நீங்கள் எனக்குக் கிடைத்த வரம். நோய்நொடியின்றி நீண்ட காலம் வாழ வேண்டுகிறேன்."

பழக்கம் வந்துவிட்டது, குறிப்பு இன்னும் வரவில்லை. இதில் உள்ள தவறுகளைப் பெரும்பாலான முதல் வரைவுகளிலும் பார்க்கலாம் என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, இது அப்பாவிடம் தொடங்கி, உடனே அப்பாவைப் பற்றி வேறு யாரிடமோ பேசத் தொடங்குகிறது. "எழுதி வைப்பார்", "கொடுத்தார்" என்றவுடன் அப்பா அறையை விட்டு வெளியே போய்விடுகிறார். மேடையில் வாசிக்கும் பாராட்டுரைகளைக் கேட்டுப் பழகியதால் இப்படி எழுத வருகிறது. "நீங்கள்" என்றோ, வீட்டில் "நீ" என்றுதான் அழைப்பீர்கள் என்றால் "நீ" என்றோ தொடங்கி, கடைசி வரை அப்படியே செல்லுங்கள். வீட்டில் "நீ" என்று அழைக்கப்படும் அப்பாவுக்கு "தாங்கள்" என்று எழுதினால் அது மரியாதையாகப் படாது, அந்நியமாகவே படும்.

இரண்டாவது, "பொறுப்புணர்வையும் ஒழுங்கையும் கற்றுக்கொண்டேன்" என்ற வரி. இந்த வரியை நீக்கச் சொன்னால் எல்லோரும் தயங்குவார்கள். ஏனெனில் இதுதான் குறிப்பின் சாரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதுவரை காட்சியாக இருந்த ஒன்றை இந்த வரி பாடமாக்கிவிடுகிறது. அப்பா அன்று பாடம் நடத்தவில்லை; பேட்டரி எப்போது போட்டது என்று மகளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவே. கற்றதைச் சொல்ல வேண்டுமென்றால் கற்றேன் என்று அறிவிக்காமல், கற்றதால் இன்று நீங்கள் செய்யும் ஒரு செயலைச் சொல்லுங்கள். இந்த மகளிடம் அப்படி ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டபோது, போன வாரம் தம் சமையலறைக் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றியபோது தாமும் பின்னால் தேதி எழுதியதை நினைவுகூர்ந்தார். அந்த ஒரு வரி வந்ததும் குறிப்புக்குத் தொடக்கமும் கிடைத்துவிட்டது.

மூன்றாவது, "எப்போதும்", "ஒருநாளும் மறக்காத", "அக்கறையோடு" போன்ற அழுத்தச் சொற்கள். செயல் தெளிவாக இருந்தால் இவை தேவையில்லை. கிளம்பும் அவசரத்தில் பிள்ளையின் கடிகாரத்தைத் திறந்து தேதி எழுதுகிறவருக்கு அக்கறை இருந்தது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, இரண்டாம் படியில் கோடு போட்ட வரிகள் கடைசியில் திரும்பி வந்திருப்பது. பழக்கத்தைச் சொல்லி முடித்ததும், "இது போதாதோ" என்ற ஐயத்தில் பலரும் பழைய வரிகளை மறுபடி சேர்க்கிறார்கள். அப்பா படித்து முடிக்கும்போது அவர் காதில் நிற்பது கடைசி வரிதான். அங்கே எல்லோருக்கும் பொதுவான ஒன்று நின்றால் நடுவில் எழுதியது வீணாகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த வரைவில் அது இல்லை என்றாலும். பழைய நாள்களை நினைத்து எழுதும்போது சிலருக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றும்: "அன்று உங்களைப் புரிந்துகொள்ளவில்லை, மன்னித்துவிடுங்கள்" என்று. அந்த உணர்வு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் மன்னிப்புக்கு அப்பா பதில் சொல்லியாக வேண்டும்; பிறந்தநாளன்று அந்தப் பொறுப்பை அவர் மேல் வைக்கக் கூடாது. அதை வேறொரு நாளில் நேரில் சொல்லுங்கள்.

7. வரிசையை மாற்றுங்கள்: பொருள் முதலில், வாழ்த்து பின்னால்

வாழ்த்தை முதல் வரியில் வைத்தால், படிப்பவர் அதற்குப் பின் வரப்போவதையும் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டு வேகமாகக் கண்ணை ஓட்டிவிடுவார். அன்று பல வாழ்த்துகளைப் பெறும் ஒருவர் அப்படிப் படிப்பது இயல்புதான். ஆகவே கடிகாரம், பேனா, கதவு என்று அந்தப் பழக்கத்தோடு தொடர்புடைய பொருளிலிருந்து தொடங்குங்கள். வாழ்த்தைக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: உங்களிடமிருந்து செய்தி வந்தாலே ஏதாவது அவசரமோ என்று பதறுகிற அப்பாவாக இருந்தால் முதலில் வாழ்த்துச் சொல்லிவிடுவதே நல்லது.

இன்றைய செயல், பழக்கம், அந்த ஒரு நாள், வாழ்த்து என்ற வரிசையில் எழுதிய இரண்டாம் வரைவு இது:

"அப்பா, போன வாரம் சமையலறைக் கடிகாரம் நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு சிறு தாளை ஒட்டித் தேதி எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் இது யார் வழக்கம் என்று உறைத்தது.

நம் வீட்டில் பேட்டரி போட்டாலும் பல்பு மாற்றினாலும் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, பல்பின் கண்ணாடி மேல்கூடத் தேதி எழுதாமல் விடமாட்டீர்கள். நான் விடுதிக்குக் கிளம்பிய காலையில், பெட்டியில் வைத்துவிட்ட அலாரம் கடிகாரத்தை வெளியே எடுத்து, புது பேட்டரி போட்டு, உள்பக்கம் தேதி எழுதித் தந்தீர்கள். அந்த பேட்டரி தீர்ந்த பிறகும் அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

பிறந்தநாள் வாழ்த்துகள், அப்பா."

இதில் "அன்பு" என்ற சொல் இல்லை, "தியாகம்" இல்லை, "வரம்" இல்லை. தாளைக் கிழிக்கவில்லை என்ற வரி அவற்றின் வேலையைச் செய்கிறது. இந்த வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மகள் தயங்கினார். உணர்ச்சி மிகுந்துவிடுமோ என்பது அவர் கவலை. அது உண்மையில் நடந்தது என்பதாலும், ஒரு செயலாகவே சொல்லப்பட்டிருக்கிறது என்பதாலும் அது இருக்கட்டும் என்றேன். நடக்காத ஒன்றை அழகுக்காகச் சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்லியிருப்பேன். அப்பா அடுத்த முறை வரும்போது அந்தக் கடிகாரத்தைக் காட்டச் சொன்னால் என்ன செய்வது?

8. விவரங்களை வீட்டிலுள்ள இன்னொருவரிடம் சரிபாருங்கள்

முதல் படியில் சொன்ன அந்த இன்னொருவர் இப்போதுதான் தேவைப்படுகிறார். ஒரு பழக்கத்தைப் பல ஆண்டுகள் செய்தவருக்கு அதன் சின்ன விவரங்கள் எல்லாம் தெரியும். அவற்றில் ஒன்று தவறாக இருந்தால் குறிப்பின் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தத் தவறையே பிடித்துக்கொள்வார். அது அவர் குறையல்ல. கவனமாகச் செய்தவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

வரைவைத் தம்பிக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அப்பா பல்பின் கண்ணாடி மேல் எழுதியதே இல்லை, கீழே வெள்ளையாக இருக்கும் அடிப்பகுதியில்தான் எழுதுவார் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவே பொருத்தம். வழவழப்பான கண்ணாடியில் பேனா மை நிற்காது, எழுத்து ஒளியையும் மறைக்கும். இந்தத் திருத்தத்தால் தவறு நீங்கியது மட்டுமல்ல, வரியே மேம்பட்டது. "கண்ணாடி மேல்கூட" என்ற மிகைப்படுத்தல் போய், "அடிப்பகுதியில்" என்ற துல்லியம் வந்தது. இதைப் படிக்கும் அப்பாவுக்கு, எங்கே எழுதினார் என்பது வரை பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

இருவரின் நினைவும் ஒத்துப்போகாத விவரம் ஏதாவது வந்தால், அதை எழுதாமல் விட்டுவிடுங்கள். "நீலப் பேனா" என்பதில் மகளுக்கும் தம்பிக்கும் ஒரே கருத்து இல்லை. ஆகவே "பேனா" என்று மட்டும் வைத்தோம். ஒரு நிறம் குறைவதால் குறிப்புக்கு நட்டம் ஒன்றுமில்லை.

9. உரக்கப் படித்து, கடைசி வரியை அமையுங்கள்

சரிபார்த்த வரைவை ஒருமுறை உரக்கப் படியுங்கள். அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத சொல் எங்கே வருகிறதோ அங்கே நாக்கு தயங்கும். அந்தச் சொல்லை நீங்கள் வீட்டில் பேசும் சொல்லாக மாற்றுங்கள். முழுவதையும் பேச்சு வழக்கிலேயே, "தேதி எழுதாம விடமாட்டீங்க" என்று எழுதுவதும் தவறில்லை. பாதி பேச்சு, பாதி எழுத்து என்று கலப்பதுதான் தவறு. கையால் எழுதும் தாளுக்கு எழுத்து நடை நன்றாகப் பொருந்துகிறது; கைப்பேசிச் செய்திக்குப் பேச்சு நடை இயல்பாக இருக்கிறது என்பது என் கருத்து.

அளவைப் பொறுத்தவரை, கைப்பேசியில் ஒரே திரையில், விரலால் நகர்த்தாமல் படிக்கும் அளவுக்குள் அடங்கினால் நல்லது. தாளில் எழுதினால் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டாவது பழக்கம் ஒன்று உள்ளே நுழைந்திருக்கும்.

கடைசி வரிக்குத் தனிக் கவனம் கொடுங்கள். வெறும் வாழ்த்தோடு நிறுத்தலாம். அதைவிட நல்லது, அந்தப் பழக்கத்தின் காரணத்தை அப்பாவின் பக்கத்திலிருந்து யோசித்து, அவர் மகிழும்படி ஏதாவது சொல்வது. இந்த அப்பா எதற்காகத் தேதி எழுதினார்? அந்த பேட்டரி எத்தனை மாதம் ஓடியது என்று பார்ப்பதற்காக. ஆகவே அவருக்கு அந்தக் கணக்கையே கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். திருத்தி முடித்த குறிப்பு இது:

"அப்பா,

போன வாரம் சமையலறைக் கடிகாரம் நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு சிறு தாளை ஒட்டித் தேதி எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் இது யார் வழக்கம் என்று உறைத்தது.

நம் வீட்டில் பேட்டரி போட்டாலும் பல்பு மாற்றினாலும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தேதி எழுதாமல் விடமாட்டீர்கள். பல்பு என்றால் அதன் அடிப்பகுதியில், சின்ன எழுத்தில். நான் விடுதிக்குக் கிளம்பிய காலையில், பெட்டியில் வைத்துவிட்ட அலாரம் கடிகாரத்தை வெளியே எடுத்து, புது பேட்டரி போட்டு, உள்பக்கம் தேதி எழுதித் தந்தீர்கள். அந்த பேட்டரி தீர்ந்த பிறகும் அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

பிறந்தநாள் வாழ்த்துகள், அப்பா. சமையலறைக் கடிகாரம் அடுத்து நிற்கும்போது, எத்தனை மாதம் ஓடியது என்று பார்த்துச் சொல்கிறேன்."

10. அப்பாவோடு பேச்சுவார்த்தை குறைந்திருந்தால்

எல்லா வீட்டிலும் உறவு ஒரே மாதிரி இருப்பதில்லை. அப்பாவோடு மனத்தாங்கல் உள்ளவர்கள், பொதுவான வாழ்த்தில் வரும் பெரிய சொற்களை எழுதும்போது தாம் பொய் சொல்வதாக உணர்கிறார்கள். அவர்களுக்கும் இந்த முறை பொருந்தும். சொல்லப்போனால் அவர்களுக்கே மிகவும் பொருந்தும். ஒரு பழக்கத்தைப் பார்த்தேன் என்று எழுதுவதற்கு எந்தப் பாராட்டும் தேவையில்லை. உண்மை மட்டும் போதும்.

அப்படிப்பட்ட குறிப்பில் மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். பூசலுக்கு முந்தைய காலத்துப் பழக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அன்று அப்படி இருந்தீர்கள், இன்று இப்படி என்ற ஒப்பீடு எந்த வரியிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பை மூன்று நான்கு வரிகளில் முடித்துவிடுங்கள். நீண்டால் விளக்கமாகிவிடும், விளக்கம் வாதமாகிவிடும்.

11. எப்போது, எப்படிக் கொடுப்பது

கைப்பேசியில் அனுப்புவதானால் அப்பாவின் தனி எண்ணுக்கு அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட்டால், அடுத்தடுத்து வரும் பூங்கொத்துப் படங்களுக்கு மேலே அது நகர்ந்து மறைந்துவிடும். அதோடு மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதால் அவர் பதில் சொல்லவும் கூசுவார். குறிப்போடு வாழ்த்துப் படமோ நகரும் ஒட்டிகளோ சேர்க்க வேண்டாம். கண் முதலில் படத்துக்குப் போகும். எழுத்து அதற்கான விளக்கமாகச் சுருங்கிவிடும்.

சிறிய எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் அப்பாவாக இருந்தால் பெரிய எழுத்தில் கையால் எழுதிக் கொடுங்கள். படித்துக் காட்டுவதானால் அறையில் கூட்டம் குறைந்த வேளையைப் பாருங்கள். ஓரிடத்தில் குரல் தடுமாறினால் நிறுத்தி, நீர் குடித்துவிட்டுத் தொடரலாம்.

பதிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உருக்கமான பதிலை எதிர்பார்க்காதீர்கள். இத்தகைய குறிப்புகளுக்கு அப்பாக்கள் பெரும்பாலும் விவரத்தைப் பற்றியே பதில் சொல்கிறார்கள். "அந்தக் கடிகாரம் இன்னும் இருக்கிறதா?" என்றோ, "அன்று போட்டது புது பேட்டரி இல்லை, ரேடியோவிலிருந்து கழற்றியது" என்றோ பதில் வரலாம். குறிப்பு தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை; அவர் அந்தக் காலைக்குப் போய்விட்டார் என்றே பொருள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். முடிந்தால் கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மூன்றாம் படியில் எழுதிய பட்டியலில் தேர்ந்தெடுக்காமல் விட்டவை இருக்கும். அந்தத் தாளை ஓரிடத்தில் பத்திரப்படுத்தி, இந்த ஆண்டு எதை எழுதினீர்கள் என்று அதில் குறித்து வையுங்கள். அடுத்த பிறந்தநாளில் அதே பழக்கத்தை மீண்டும் எழுதாமல் இருக்க அது உதவும்.